‘வெறும் வயத்துல வாங்க’ போதாது: அண்டி ஆபீஸ் மருத்துவ முகாமுக்கு அறிவிப்பு எழுதுவது எப்படி

மார்த்தாண்டம், கருங்கல், குழித்துறைப் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், மருத்துவ முகாம் என்றால் முதல் தகவல் நோட்டீஸ் போர்டில் வராது. சூப்பர்வைசரின் போனிலிருந்து, முந்தின நாள் ராத்திரி, இப்படி ஒரு வாட்ஸாப் செய்தியாக வரும்:

> அக்காமாரே, நாளைக்கு காலத்த கம்பெனில மெடிக்கல் கேம்ப் இருக்கு. எல்லாரும் கண்டிப்பா வரணும். வெறும் வயத்துல வாங்க, ரத்தம் எடுப்பாங்க. சுகர் பிரஷர் எல்லாம் பாப்பாங்க. ஆதார் கார்டு கொண்டு வாங்க. லேட் பண்ணாதீங்க. வராதவங்க பேரை ஆபீஸ்ல குடுக்கச் சொல்லியிருக்கு. பயப்படாண்டாம், சும்மா ஒரு செக்கப் தான்.

அனுப்பியவர் நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார். ஆனால் இதைப் படிக்கிற அறுபது பேரும் அறுபது விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார். இன்னொருவர், பால் இல்லையே என்று கட்டன் சாயா குடித்துவிட்டு வருவார். மூன்றாமவர் சுகர் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் வரிசையில் நின்று, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். இந்தச் செய்தியை எடுத்து, போர்டில் ஒட்டவும் வாசித்துக் காட்டவும் தகுந்த ஒரு அறிவிப்பாக மாற்றும் வேலையைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். அறுபது பேர் வேலை செய்கிற ஒரு முந்திரி ஆலையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உடைப்பு, பீலிங், கிரேடிங், பேக்கிங் என்று பிரிவுகள். பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேருக்குமேல் எடைக் கூலி.

எழுதும் முன் கேட்க வேண்டியவை

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நேரே மொழியைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். செய்தியின் குறை மொழியில் மட்டும் இல்லை. பல விஷயங்கள் இன்னும் முடிவாகவே இல்லை. ‘பயப்படாண்டாம்’ என்று எழுதினால் யாருக்கும் பயம் போகாது. ‘இதில் பயப்பட ஏதோ இருக்கிறது போல’ என்றுதான் தோன்றும். பயத்தைப் போக்குவது முடிவு செய்யப்பட்ட ஒரு தகவல். ஆகவே பேனாவை எடுக்கும் முன் இரண்டு இடங்களில் விசாரிக்க வேண்டும்: முகாம் நடத்தும் டாக்டர் அல்லது லேப், அடுத்து ஆலை நிர்வாகம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது, எந்தெந்தப் பரிசோதனை, அதற்கு எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பது. வெறும் வயிற்றுச் சுகருக்குக் குறைந்தது 8 மணி நேரம் போதும். கொழுப்புப் பரிசோதனையும் சேர்ந்தால் பல லேப்கள் 9 முதல் 12 மணி நேரம் கேட்கும். அடுத்து, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? பொதுவாகப் பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போல் போடச் சொல்வார்கள். சுகர் மாத்திரையையும் காலை இன்சுலினையும் ரத்தம் கொடுத்தபின், சாப்பிடும் நேரத்தில் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் இந்த வரியை நீங்களாக எழுதக் கூடாது. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி, அவரிடமே திரும்பக் காட்டி, சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள். அவர்களை நெடுநேரம் பட்டினியாக நிறுத்த டாக்டர்கள் விரும்புவதில்லை.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது மூன்று. முகாமில் போகும் நேரத்துக்குக் கூலி உண்டா? காலைச் சாப்பாடு யார் தருவது? முடிவுகளை யார் பார்ப்பது?

முதல் கேள்விதான் எடைக் கூலிக்காரருக்கு உயிர்க்கேள்வி. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றால் அன்றைக்குப் பருப்பு குறையும், கூலியும் குறையும். ‘கூலி பிடிக்க மாட்டோம்’ என்று மட்டும் எழுதினால் பதில் ஆகாது, ஏனென்றால் எடைக் கூலியில் பிடிப்பதற்கு என்று எதுவும் இல்லை. செய்யாத வேலைக்குத் தானாகவே கூலி வராது. ‘முகாமுக்குப் போகும் நேரத்துக்கு, போன வாரத்து உங்கள் சராசரி எடையை வைத்துக் கூலி சேர்க்கப்படும்’ என்று கணக்கோடு எழுத வேண்டும். நிர்வாகம் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லையா? அப்படியானால் அறிவிப்பில் கூலியைப் பற்றி இனிக்க இனிக்க எதுவும் எழுதாதீர்கள். உண்மை எதுவோ அதை எழுதுங்கள்.

மூன்றாவது கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. கம்பெனி பணம் கட்டும் முகாமில் லேப் எல்லாருடைய முடிவையும் ஒரே எக்செல் தாளில் போட்டு ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிவிடுவது சாதாரணமாக நடக்கும். அது நடக்குமானால் ‘முடிவு உங்களுக்கு மட்டும்’ என்று நீங்கள் எழுதியது பொய்யாகிவிடும். லேபிடம் முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒட்டிய கவரில் தனித்தனியாக வேண்டும், கம்பெனிக்குப் பெயரில்லாத எண்ணிக்கை மட்டும் போதும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகே அந்த வாக்கியத்தை எழுதலாம்.

நேரத்தைக் கணக்குப் போடுவது

‘காலத்த’, ‘லேட் பண்ணாதீங்க’ இரண்டும் நேரமே இல்லை. எல்லாரும் ஏழு மணிக்கே வந்து குவிந்தால் கடைசியில் நிற்பவர் ஒன்பது மணிவரை பட்டினியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒருவருக்கு ரத்தம் எடுக்க, பெயர் சரிபார்த்து, குழாயில் ஒட்டி முடிக்க ஏறக்குறைய 4 நிமிடம். இரண்டு லேப் டெக்னீஷியன் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 30 பேர். அறுபது பேருக்கு 7 மணி முதல் 9 மணி வரை. அரை மணிக்கு 15 பேர் என்று நாலு குழு. முந்தின இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடித்தால் முதல் குழுவுக்கு 10 மணி நேரம், கடைசி ஆளுக்கு 12 மணி நேரம். இருவருமே சரியான அளவுக்குள் வருகிறார்கள். இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் ‘இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள்’ என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரே வரி எழுத முடியும். ‘12 மணி நேரம் பட்டினியாக இருக்கவும்’ என்று எழுதினால் ஒவ்வொருவரும் விரல்விட்டு எண்ணி ஒவ்வொரு நேரத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களைக் காக்கவைக்கக் கூடாது. அவர்கள் முதல் குழுவில் வர வேண்டும். ஆனால் ‘சுகர் உள்ளவர்கள் 7 மணிக்கு’ என்று எழுதினால், ஏழு மணி வரிசையே யாருக்குச் சுகர் என்று ஊருக்குச் சொல்லும் பட்டியல் ஆகிவிடும். வீட்டில்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. அதனால் முதல் குழுவை அகலமாக்குங்கள்: தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 55 வயது தாண்டியவர்கள், தூரத்திலிருந்து பஸ்ஸில் சீக்கிரமே வந்துவிடுகிறவர்கள். அந்த வரிசையில் நிற்பவரைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது.

வரி வரியாக மாற்றுவது

‘நாளைக்கு’ என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். வாட்ஸாப் செய்தி இரண்டு நாள் கழித்தும் சுற்றும். அப்போதும் அது ‘நாளைக்கு’தான். தேதி, கிழமை இரண்டும் வேண்டும். பட்டினி முந்தின இரவே தொடங்குவதால் ‘புதன் இரவு’, ‘வியாழன் காலை’ என்று இரண்டு தலைப்பாகப் பிரித்தால் படிப்பவருக்குக் குழப்பம் இல்லை.

‘வெறும் வயத்துல’ என்பதைத் தண்ணீரில் தொடங்கி எழுதுங்கள். எதைச் சாப்பிடக் கூடாது என்பதைவிட எது கூடும் என்பதை முதலில் சொன்னால் நல்லது. தண்ணீர் குடிக்காமல் வருகிறவருக்கு நரம்பு எழும்பாது, இரண்டு இடத்தில் குத்த வேண்டிவரும், தலை சுற்றும். பிறகு கூடாதவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: சாயா, கட்டன் சாயா, காப்பி, பால், பழங்கஞ்சித் தண்ணீர், வெற்றிலை பாக்கு, புகையிலை. ‘பானங்கள் தவிர்க்கவும்’ என்றால் கட்டன் சாயா அதில் சேருமா என்று யாருக்கும் தெரியாது.

‘ரத்தம் எடுப்பாங்க’ என்பதில்தான் பயம் கூடுதல். எவ்வளவு, எங்கே, யார் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். இத்தகைய முகாமில் இரண்டு மூன்று சிறு குழாய்களில் மொத்தம் 5 முதல் 10 மில்லி எடுப்பார்கள். ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன். பீலிங் பெண்களுக்கு இன்னொரு கவலை உண்டு: விரலில் குத்தினால் அன்றைக்குப் பருப்பைத் தொட முடியுமா? முழங்கை மடிப்பில் எடுப்பதாக இருந்தால் ‘விரலில் குத்த மாட்டார்கள்’ என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி அவர்களுக்குப் பெரிய ஆறுதல். எடுத்தபின் பஞ்சை 5 நிமிடம் கையை நீட்டியபடி அழுத்திப் பிடிக்கவும் சொல்லுங்கள். உடைப்புக்காரர்கள் உடனே கையை வேலைக்கு வளைத்தால் ரத்தம் கசிந்து நீலமாகக் கன்றிப்போகும். ‘ஊசி போட்டுக் கையே வீங்கிப்போச்சு’ என்று அடுத்த குழு பயந்து நிற்கும்.

‘கண்டிப்பா’, ‘பேரைக் குடுப்போம்’ இரண்டும் போக வேண்டும். மிரட்டினால் ஆள் வருவார், ஆனால் சாப்பிட்டுவிட்டு வந்து சாப்பிடவில்லை என்று சொல்வார். வெறும் வயிற்றுச் சுகர் கூடிக் காட்டும், இல்லாத நோய்க்கு அந்த வீடே ஒரு வாரம் அழும். அதற்குப் பதிலாக, ‘மறந்து சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், சாப்பிட்ட நேரத்தை எழுதிக்கொண்டு பரிசோதிப்பார்கள்’ என்று எழுதினால் லேபுக்கு உண்மை கிடைக்கும்.

‘ஆதார்’ ஏன் என்று கேளுங்கள். பெயரும் வயதும் போதும் என்று லேப் சொன்னால் அந்த வரியையே எடுத்துவிடலாம். ஈஎஸ்ஐ கார்டு வேண்டும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள்.

‘சும்மா ஒரு செக்கப்’ என்பதும் வேண்டாம். சும்மா என்றால் எதற்கு வேலையை விட்டு வர வேண்டும் என்று தோன்றும். இசிஜி எடுப்பதானால் அதை ஒளிக்காமல் எழுதி, தனி அறையில் திரைக்குள் பெண் ஊழியர் எடுப்பார் என்றும் சேர்த்து எழுதுங்கள். அதை முன்பே சொல்லாவிட்டால் பாதிப் பெண்கள் அந்த மேசைக்கே போக மாட்டார்கள்.

நடையைப் பற்றி ஒன்று. பேச்சு மொழியைத் திருத்த நினைப்பவர்கள் நேரே அரசாணை மொழிக்குத் தாவிவிடுகிறார்கள்: ‘அனைத்துப் பணியாளர்களும் தவறாது கலந்துகொள்ளுமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்.’ இதில் யார் அறிவுறுத்துகிறார், யாரிடம் கேட்பது, எதுவும் இல்லை. ‘வாருங்கள்’, ‘குடிக்கலாம்’, ‘கேளுங்கள்’ போதும். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் என்பதைவிடச் சுகர், பிரஷர் என்பதே இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயர். பெரியவர்களை ஒருமையில் அழைப்பது மட்டும் எழுத்தில் கூடாது.

மாற்றியபின்

> மருத்துவ முகாம்: 12.02.2026, வியாழக்கிழமை
> இடம்: நம் ஆலையின் சாப்பாட்டு அறை
>
> புதன் இரவு: வழக்கமான சாப்பாட்டை 9 மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். அதன் பிறகு தண்ணீர் மட்டும்.
>
> வியாழன் காலை: தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ரத்தம் கொடுக்கும்வரை சாயா, கட்டன் சாயா, காப்பி, பால், கஞ்சித் தண்ணீர், வெற்றிலை, புகையிலை வேண்டாம்.
>
> மாத்திரை: பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் தண்ணீரோடு போடுங்கள். சுகர் மாத்திரை, காலை இன்சுலின் இரண்டையும் வீட்டில் எடுக்காமல் கையோடு கொண்டுவாருங்கள். ரத்தம் கொடுத்துச் சாப்பிடும்போது எடுக்கலாம். இரவு இன்சுலின் போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் செவ்வாய்க்கிழமைக்குள் முகாம் நர்ஸிடம் போனில் கேளுங்கள். இது முகாம் டாக்டர் சொன்னபடி எழுதியது.
>
> வர வேண்டிய நேரம்: 7.00 – தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 55 வயது தாண்டியவர்கள், முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். 7.30 – உடைப்பு. 8.00 – பீலிங். 8.30 – கிரேடிங், பேக்கிங். 9 மணிக்குள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்து முடிந்துவிடும்.
>
> என்ன நடக்கும்: 5 நிமிடம் உட்கார்ந்தபின் பிரஷர் பார்ப்பார்கள். பிறகு முழங்கை மடிப்பில் இரண்டு டீஸ்பூன் அளவுக்குள் ரத்தம் எடுப்பார்கள். விரலில் குத்த மாட்டார்கள். உடனே இட்டலியும் சாயாவும் ஆலை செலவில் உண்டு. அதன் பிறகு எடை, கண், இசிஜி. இசிஜியைப் பெண் ஊழியர் திரைக்குள் எடுப்பார். கண்ணாடி போடுகிறவர்கள் கொண்டுவாருங்கள். கை இறுக்கமில்லாத ரவிக்கையோ சட்டையோ போட்டுவாருங்கள்.
>
> கூலி: முகாமுக்குப் போகும் நேரத்துக்கு, எடைக் கூலிக்காரர்களுக்குப் போன வாரச் சராசரிப்படி கூலி சேர்க்கப்படும்.
>
> முடிவு: ஒட்டிய கவரில் உங்கள் கையில் மட்டும் தரப்படும். யாருக்கு என்ன என்ற விவரம் ஆலைக்கு வராது. முடிவைக் காரணம் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்துவதோ மாற்றுவதோ இல்லை.
>
> மறந்து சாப்பிட்டிருந்தாலும் வாருங்கள். அதைச் சொன்னால் போதும். காத்திருக்கும்போது வியர்த்தாலோ, கை நடுங்கினாலோ, தலை சுற்றினாலோ வரிசையைப் பார்க்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்க விருப்பமில்லாதவர்கள் மற்றப் பரிசோதனைக்கு மட்டும் வரலாம்.
>
> கேட்க வேண்டியவர்: (பெயர்), ஆபீஸ். போன்: (எண்)

பிரஷர் ஏன் முதலில் என்றால், ஊசி குத்திய வலியிலும் சூடாகச் சாயா குடித்த உடனும் பிரஷர் கூடிக் காட்டும். ஓடிவந்து பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் பார்த்தாலும் அப்படித்தான்.

இதை ஒட்டும் முன், இதுவரை பார்க்காத ஒருவரிடம், முடிந்தால் பீலிங்கில் வேலை செய்கிற ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். பிறகு காகிதத்தை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்: எப்போது சாப்பாட்டை நிறுத்தணும்? கட்டன் சாயா குடிக்கலாமா? சுகர் மாத்திரையை எப்போ போடணும்? கூலி உண்டா? ரிப்போர்ட்டை யார் பார்ப்பா? எதில் அவர் தயங்குகிறாரோ அந்த வரியைத்தான் மாற்ற வேண்டும். அவருக்கு விளக்கம் சொல்லிப் புரியவைத்துவிட்டுத் தாளை அப்படியே ஒட்டுவது பலரும் செய்கிற தவறு.

நினைவூட்டல்

முழு அறிவிப்பு போர்டில் நாலைந்து நாள் முன்பே ஏற வேண்டும். புதன் மாலை வேலை விடும் நேரத்தில் ஒருமுறை சத்தமாக வாசிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் மலையாளம் மட்டும் படிப்பவர்களும் இருப்பார்கள். வட மாநிலத்தவர் இருந்தால் ஹிந்தியில் ஒருவர் சொல்லட்டும். அன்றிரவு 7 மணிக்குப் போகும் வாட்ஸாப்பில் முழு அறிவிப்பைத் திரும்பப் போடாதீர்கள். அந்த இரவில் செய்ய வேண்டியது மட்டும்:

> வியாழன் 12.02.2026 முகாம். இன்று (புதன்) இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். பிறகு தண்ணீர் மட்டும். சுகர் மாத்திரை, காலை இன்சுலின் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். உங்கள் நேரம் போர்டில் இருக்கிறது. சந்தேகம் என்றால் இந்த எண்ணுக்கு: (எண்)

நேரமோ இடமோ மாறினால் ‘டைம் மாத்தியாச்சு’ என்று ஒரு வரி போடுவது ஆபத்து. பழையதை எல்லாருக்குமாக அழித்துவிட்டு, ‘திருத்தம்’ என்று தொடங்கி முழுச் செய்தியையும் புதிதாக அனுப்புங்கள். போர்டில் இருப்பதையும் கிழித்துப் புதிதாக ஒட்டுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு

முகாமுக்கு முன் இவ்வளவு கவனமாக எழுதியவர்களும் இங்கே வழுக்கிவிடுவார்கள். ‘சுகர் கூடுதல் உள்ளவங்க மட்டும் ஆபீஸ் வரவும்’ என்ற ஒரே செய்தி, கவரில் ஒட்டிக்கொடுத்த ரகசியத்தை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடும். அழைத்தால் எல்லாரையும் அழையுங்கள்:

> ரிப்போர்ட் கவர்கள் வந்துவிட்டன. திங்கள், செவ்வாய் மதியம் 12.30 முதல் 1.30 வரை சாப்பாட்டு அறையில் எல்லாரும் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வேறொருவர் கையில் தரமாட்டோம். டாக்டர் அங்கே இருப்பார். எல்லாருக்கும் இரண்டு நிமிடம் விளக்குவார். ஒரு எண் கூடியிருந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்வதில்லை. இன்னொரு முறை பார்த்த பிறகே டாக்டர் சொல்வார்.

அந்தக் கடைசி வரி ஆறுதலுக்காக எழுதியது இல்லை. வெறும் வயிற்றுச் சுகர் 126 அல்லது அதற்கு மேல் வந்தாலும், வேறு அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனையில் உறுதிசெய்வதே மருத்துவ வழக்கம். 100 முதல் 125 வரை வந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இந்த எண்களை அறிவிப்பில் போடாதீர்கள். கவரைப் பிரித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட ஆரம்பிப்பார்கள். கவருக்குள் ஒரு துண்டுத் தாளில், அடுத்து எங்கே போகலாம் என்பதைப் போடுங்கள்: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், குழித்துறை அரசு மருத்துவமனை, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஈஎஸ்ஐ உள்ளவர்களுக்கு அவர்கள் கார்டில் உள்ள மருந்தகம். சுகரும் பிரஷரும் உறுதியானவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும் என்பதையும் அதில் சேர்க்கலாம். அந்தத் துண்டுத் தாள் அறுபது கவரிலும் ஒரேபோல் இருக்கட்டும். சிலருடைய கவரில் மட்டும் இருந்தால், கவரின் தடிமனைத் தடவிப் பார்த்தே யாருக்கு என்னவென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.